எந்தப் படியில் நின்றான் என் தம்பி?

(முன்னாள் மாணவி, இளங்கலை வணிகவியல், இரண்டாம் ஆண்டு)

‘ஆள் பாதி, ஆடை பாதி’ என்று நம் பெரியோர் சொல்லி வைத்தனர். ‘கந்தையானாலும் கசக்கிக் கட்டு’ என்றும் அவர்களே சொன்னார்கள். முதலாவது பழமொழி ஆடையின் பெருமையைப் பேசுகிறது. இரண்டாவது, கந்தையே போதும், தூய்மையாயிருந்தால் சரி என்கிறது. இவ்விரண்டில் எது உண்மை என்று பள்ளி நாட்களில் நான் எண்ணிப் பார்த்ததில்லை. கல்லூரியில் ‘நுகர்வோர் நடத்தை’ என்னும் பாடத்திற்காக ஒரு கட்டுரை எழுத நேர்ந்தபோதுதான் எண்ண வேண்டியதாயிற்று. அந்தக் கட்டுரையை இருமுறை எழுதினேன். ஏன் இருமுறை எழுத நேர்ந்தது என்பதையே என் அன்புத் தங்கையருக்குச் சொல்ல விரும்புகிறேன்.

எங்களுக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு இதுதான்: ‘மக்கள் பெயர் பெற்ற பிராண்டு ஆடைகளை வாங்குவது ஏன்? மாஸ்லோவின் தேவைப் படிநிலைக் கோட்பாட்டைக் கொண்டு விளக்குக.’

ஆபிரகாம் மாஸ்லோ அமெரிக்க நாட்டு உளவியலாளர். 1908-ஆம் ஆண்டு நியூயார்க் நகரில் பிறந்து 1970-இல் மறைந்தவர். மனிதனை இயக்கும் தேவைகளை அவர் ஐந்தாக வகுத்தார். முதலாவது பசி, தாகம், உறக்கம் போன்ற உடலின் தேவைகள். இரண்டாவது, அச்சமின்றி வாழும் பாதுகாப்பு. மூன்றாவது, அன்பு பெறுதலும் நாலு பேரோடு சேர்ந்திருத்தலும். நான்காவது மதிப்பு. ஐந்தாவது, தன்னுள் இருக்கும் ஆற்றலை முழுமையாக வெளிப்படுத்தி, தான் ஆகக்கூடியவனாக ஆவது. கீழ்ப்படியிலுள்ள தேவை ஓரளவு நிறைவேறிய பின்னரே மேற்படியிலுள்ள தேவை தலைதூக்கும் என்பது கோட்பாட்டின் சாரம்.

நானும் மிக அழகாக ஒரு கூம்பு வரைந்து, ஐந்து கோடுகள் போட்டு, ஒவ்வொரு படியிலும் ஓர் ஆடையை வைத்துவிட்டேன். உடலை மூடச் சாதாரணத் துணி. அதற்கு மேலே குளிருக்குக் கம்பளி. அதற்கும் மேலே நண்பர்கள் அணிவது போன்ற உடை. நான்காம் படியில் பிராண்டு ஆடை. ‘ஆகவே, வயிறு நிறைந்து, வாழ்க்கை நிலைபெற்று, அடிப்படைத் தேவைகள் அனைத்தும் தீர்ந்தவர்களே பிராண்டு ஆடைகளை நாடுகின்றனர்’ என்று முடிவுரை எழுதினேன். எழுதியது எனக்கே பெருமையாயிருந்தது.

அன்றிரவு அம்மா வேலை முடிந்து வந்து அமர்ந்ததும் அதைப் படித்துக் காட்டினேன். என் அம்மா திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் வேலை செய்கிறார். தைத்து வரும் டீ-ஷர்ட்டுகளை மேசையில் விரித்து, குறை இருக்கிறதா என்று பார்ப்பதே அவர் வேலை. நான் படித்து முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டார். பிறகு, “ஏங்கண்ணு, வயிறு நெறஞ்சவங்கதான் பிராண்டு வாங்குவாங்கன்னு எழுதியிருக்கியே, அப்ப நம்ம தம்பி எந்தப் படியில நின்னான்?” என்றார்.

எனக்குப் பேச்சு வரவில்லை. நோட்டை மூடிவிட்டேன்.

தம்பியின் கதையைச் சொன்னால்தான் உங்களுக்கு விளங்கும். பன்னிரண்டாம் வகுப்புவரை அவனுக்குச் சீருடைதான். கோயிலுக்கு இரண்டு சட்டை, கிறிஸ்துமஸுக்கு ஒன்று; அவ்வளவே அவன் உடைகள். குறை சொன்னதேயில்லை. சென்ற ஆண்டு கோயம்புத்தூரில் பொறியியல் கல்லூரியில் சேர்ந்தான். கல்லூரிக்கென்று அம்மா காதர்பேட்டையில் நான்கு டீ-ஷர்ட்டுகள் வாங்கி வந்தார். ஒன்று 250 ரூபாய். ஏற்றுமதிக்காகத் தைத்ததில் மிஞ்சியவை அங்கே விற்பனைக்கு வரும். அதைச் ‘சர்ப்ளஸ்’ என்பார்கள். கழுத்துப் பின்புறம் இருக்கும் கம்பெனிப் பெயர்த் துணியைப் பெரும்பாலும் பாதியாகக் கத்தரித்து விட்டிருப்பார்கள். தைத்த நூலோடு சிறு துண்டு மட்டும் எஞ்சி நிற்கும்.

வகுப்பு தொடங்கிய இரண்டாம் வாரம், உடன் படிக்கும் மாணவன் ஒருவன், “எந்த பிராண்டுடா?” என்று கேட்டு, பின்னாலிருந்து இவன் கழுத்துப் பட்டியை மடித்துப் பார்த்திருக்கிறான். அங்கே கத்தரித்த துண்டுதான் இருந்தது. அன்று முதல் தம்பிக்கு அங்கே ஒரு பெயர் விழுந்துவிட்டது: ‘சர்ப்ளஸ்’. தேவைக்கு மிஞ்சியது, வேண்டாமென்று ஒதுக்கியது என்று பொருள். சட்டையைச் சொன்ன சொல் ஆளைச் சொல்லும் சொல்லாயிற்று.

அவன் வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. அம்மா காலையில் எட்டு மணிக்கே கம்பெனிக்குக் கிளம்பிவிடுவதால் கேன்டீன் சாப்பாட்டுக்கென்று நாள்தோறும் 50 ரூபாய் கொடுப்பார். அதை அவன் சேர்த்து வைக்கலானான். தீபாவளிக்குச் சில வாரங்கள் முன்பு, 1,499 ரூபாய் விலையில், நெஞ்சில் சின்னம் பதித்த ஒரு டீ-ஷர்ட்டோடு வீட்டுக்கு வந்தான். நண்பன் கொடுத்தான் என்றான். பத்து நாள் கழித்து வயிற்று வலியென்று சுருண்டு படுத்தவனை மருத்துவரிடம் அழைத்துப் போனோம். “நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?” என்று அவர் கேட்டபோது தம்பி தலையைக் குனிந்துகொண்டான். முப்பது நாள் மதியச் சோறுதான் அந்தச் சட்டை என்று அப்போதுதான் தெரிந்தது. அம்மா அன்று அழுதது இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. “ஒரு நாளைக்கு இந்த மாதிரி எத்தனை சட்டை என் கையில புரளுது, எம்புள்ள அதுக்காகப் பட்டினி கெடந்திருக்கானே!” என்று சொல்லிச் சொல்லி அழுதார்.

என் கட்டுரையின்படி இது நடந்திருக்கவே கூடாது. முதற்படியில் பசித்திருப்பவன் நான்காம் படிப் பொருளை வாங்கமாட்டான். ஆனால் என் தம்பி முதற்படியை விற்று நான்காம் படியை வாங்கிவிட்டான். ஒன்று மாஸ்லோ தவறாயிருக்க வேண்டும், அல்லது நான் அவரைச் சரியாகப் படிக்காதிருக்க வேண்டும். கல்லூரி நூலகத்தில் கேட்டு, 1943-ஆம் ஆண்டு அவர் உளவியல் ஆய்விதழ் ஒன்றில் எழுதிய மூலக் கட்டுரையையே எடுத்துப் படித்தேன். ஆங்கிலம் சற்றுக் கடினந்தான். ஆயினும் அகராதியை வைத்துக்கொண்டு ஒரு வாரத்தில் படித்து முடித்தேன். படித்தபின் வெட்கமாயிருந்தது, தவறு பெரும்பாலும் என்னுடையதே.

முதலாவதாக, அந்தக் கட்டுரையில் கூம்பே இல்லை! நாம் புத்தகந்தோறும் காணும் அந்தப் படத்தை மாஸ்லோ வரையவில்லை. 1960-இல் சார்ல்ஸ் மெக்டெர்மிட் என்பவர் வணிக இதழொன்றில் அக்கோட்பாட்டைக் கூம்பு வடிவில் காட்டினார், அது பரவிவிட்டது. கூம்பாக வரைந்ததும், ஒரு படியை முழுதும் கடந்தால்தான் அடுத்த படியில் கால் வைக்கலாம் என்ற எண்ணம் நமக்கு வந்துவிடுகிறது. மாஸ்லோ அப்படிச் சொல்லவில்லை. எடுத்துக்காட்டுக்கென்று தாமே சில எண்களை வைத்துக்கொண்டு, சராசரி மனிதனுக்கு உடல் தேவை 85 விழுக்காடும், பாதுகாப்பு 70 விழுக்காடும், அன்பு 50 விழுக்காடும், மதிப்பு 40 விழுக்காடும், ஐந்தாவது தேவை 10 விழுக்காடும் நிறைவேறியிருக்கலாம் என்று எழுதுகிறார். இவை அளந்து கண்ட கணக்கல்ல, விளக்குவதற்காகச் சொன்னவை. எல்லாத் தேவைகளும் ஒரே நேரத்தில் அரைகுறையாகவே நிறைந்திருக்கின்றன என்பதே அவர் சொல்ல வந்தது. ஒரே செயலுக்குப் பின்னால் பல தேவைகள் சேர்ந்து நிற்கலாம் என்றும் கூறுகிறார்.

இரண்டாவதாக, இந்த வரிசை எல்லாருக்கும் ஒன்றுபோல் இராது என்று அவரே விதிவிலக்குகளை அடுக்குகிறார். அவற்றில் ஓரிடத்தில்தான் என் தம்பி எனக்குத் தென்பட்டான். பசியையே அறியாமல் வளர்ந்தவர் உணவை அற்பமாக எண்ணக்கூடும் என்கிறார் மாஸ்லோ. இளமையில் அடிப்படைத் தேவைகள் குறைவின்றி நிறைவேறப் பெற்றவர்களுக்குப் பின்னாளில் அவை மறுக்கப்பட்டால் தாங்கிக்கொள்ளும் வலிமை வந்துவிடுகிறது என்றும் எழுதுகிறார்.

இதை நான் பலமுறை படித்தேன். எங்கள் வீட்டில் பணம் இல்லாத நாட்கள் உண்டு. சோறு இல்லாத நாள் இருந்ததில்லை. தான் உண்டாலும் உண்ணாவிட்டாலும் அம்மா எங்களுக்குப் போட்டுவிடுவார். பதினேழு ஆண்டு அப்படி ஊட்டி வளர்த்ததனால்தான் முப்பது நாள் பசியை என் தம்பியால் பொறுக்க முடிந்தது. அவன் சோற்றை இகழ்ந்து தள்ளவில்லை. சோறு எப்போதும் இருக்கும் என்று அம்மா அவனுக்குத் தந்திருந்த நம்பிக்கையின்மேல் நின்றுகொண்டுதான் அவன் மேலே கை நீட்டினான்.

இப்போது அந்த ஒரு சட்டையை எடுத்துக்கொண்டு மறுபடியும் படிப்படியாகப் பார்க்கலானேன். உடலை மூடுவதற்கு அச்சட்டை தேவையே இல்லை. நான்கு நல்ல சட்டைகள் பெட்டியில் இருந்தன. ஆகவே முதற்படிக்கு இதில் வேலையில்லை.

இரண்டாம் படியாகிய பாதுகாப்பில் பிராண்டுக்கு உண்மையாகவே ஒரு வேலை உண்டு. வாங்கும் பொருள் ஏமாற்றிவிடுமோ என்ற அச்சத்தை அது நீக்குகிறது. அமெரிக்காவில் நெவாடா மாநிலத்தில் ரீனோ என்னும் ஊரில் ஜேக்கப் டேவிஸ் என்ற தையற்காரர் இருந்தார். விறகு வெட்டும் தன் கணவனுடைய கால்சட்டை சீக்கிரம் கிழிந்துபோகிறது, உறுதியாய் ஒன்று தைத்துத் தாருங்கள் என்று ஒரு பெண்மணி அவரிடம் கேட்டாராம். பையின் மூலைகளில் செம்பு ஆணிகளை அடித்து அவர் தைத்துக் கொடுத்தார். பின்னர், தமக்குத் துணி விற்கும் லீவை ஸ்ட்ராஸ் என்ற வணிகரோடு சேர்ந்து 1873-இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். இரண்டு குதிரைகள் இருபுறமும் இழுத்தும் கிழியாத கால்சட்டைப் படத்தை 1886 முதல் அந்த உடையிலேயே தைத்து விற்றனர். அந்தப் படம் அணிபவனின் பெருமையைச் சொல்லவில்லை. ‘இது கிழியாது’ என்ற வாக்குறுதியைச் சொன்னது. உழைப்பாளி அதை நம்பி வாங்கினான். இது இரண்டாம் படி.

இதை அம்மாவிடம் சொன்னபோது அவர் எழுந்து போய்த் தம்பியின் இரண்டு சட்டைகளையும் கொண்டுவந்தார். 250 ரூபாய்ச் சட்டை ஒன்று, 1,499 ரூபாய்ச் சட்டை ஒன்று. இரண்டையும் உள்பக்கம் வெளியே வரும்படி புரட்டி மேசையில் விரித்தார். செக்கிங் எப்படிச் செய்வது என்று அன்றுதான் எனக்குக் காட்டிக் கொடுத்தார். தோள் இரண்டையும் பிடித்துத் தூக்கினால் பக்கத் தையல் நேராகத் தொங்க வேண்டும். வயிற்றுப் பக்கம் திரும்பியிருந்தால் துவைக்கத் துவைக்க இன்னும் முறுக்கிக்கொள்ளும். கழுத்து ரிப்பை விரித்து விட்டால் உடனே பழைய அளவுக்குச் சுருங்க வேண்டும். தையலை இருபுறமும் மெல்ல இழுத்து வெளிச்சத்தில் பார்த்தால் ஊசி ஓட்டை தெரிந்துவிடும். அது நாளைக்குப் பெரிய ஓட்டையாகும். கைத்துணியும் உடல் துணியும் ஒரே சாயமா என்று பகல் வெளிச்சத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்க்க வேண்டும்.

இரண்டு சட்டைகளும் தேறிவிட்டன. மலிவான சட்டையில் மட்டும் ஒரு கை சற்றே நிறம் மாறியிருந்தது. “இதுக்காகத்தான் ஒதுக்கியிருப்பாங்க. நாலு தடவ தொவச்சா யாருக்கும் தெரியாது” என்றார் அம்மா. அப்போது எனக்கு ஒன்று தெளிவாயிற்று. சர்ப்ளஸ் எல்லாமே நல்லது என்று சொல்லிவிட முடியாது. நல்லதும் கெட்டதும் கலந்தே கிடக்கும். பொறுக்கி எடுக்கக் கண் வேண்டும். அம்மாவுக்கு அந்தக் கண் இருப்பதால் இரண்டாம் படிக்காக அவர் பிராண்டுக்குப் பணம் கொடுக்க வேண்டியதில்லை. கண் இல்லாதவர் அந்தக் கண்ணுக்கான கூலியைத்தான் விலையில் சேர்த்துக் கொடுக்கிறார். அதை வீண் செலவு என்று சொல்வது நியாயமன்று.

ஆனால் என் தம்பி அதற்காகவும் வாங்கவில்லை. அம்மா பொறுக்கிய துணி அவனுக்கு இருந்ததே! அவன் நின்றது மூன்றாம் படியில். பொருளியல் அறிஞர் ஆடம் ஸ்மித் 1776-இல் வெளியிட்ட நூலில் ஒரு சட்டையைப் பற்றிப் பேசுகிறார். லினன் சட்டை உயிர்வாழத் தேவையான பொருளன்று. பண்டைய கிரேக்கரும் ரோமரும் அது இல்லாமலே சுகமாக வாழ்ந்தார்கள். ஆனால் தம் காலத்து ஐரோப்பாவில் ஒரு நாட்கூலி உழைப்பாளிகூட லினன் சட்டையின்றி வெளியே வர வெட்கப்படுவான் என்கிறார். ஆகவே ஒரு பொருள் தேவையா, ஆடம்பரமா என்பதை அந்தப் பொருளை மட்டும் பார்த்துச் சொல்லிவிட முடியாது. அது இல்லாமல் அந்தக் கூட்டத்தினிடையே தலைநிமிர்ந்து நடக்க முடியுமா என்றும் பார்க்க வேண்டும். ‘சர்ப்ளஸ்’ என்று கூப்பிடும் வகுப்பறையில் என் தம்பிக்கு அந்த 1,499 ரூபாய் ஆடம்பரச் செலவாகத் தோன்றவில்லை. உள்ளே நுழையும் கட்டணமாகத் தோன்றியது.

மூன்றாம் படிக்கும் நான்காம் படிக்கும் இடையிலுள்ள கோடு மெல்லியது. ஏளனத்திலிருந்து தப்ப வாங்குவது மூன்றாம் படி. பிறரினும் உயர்ந்து தோன்ற வாங்குவது நான்காம் படி. முன்பெல்லாம் தயாரித்தவர் பெயர் சட்டையின் உட்புறம், கழுத்துக்குப் பின்னே மறைந்திருக்கும். ‘முதலை’ என்று பட்டப்பெயர் பெற்ற பிரெஞ்சு டென்னிஸ் வீரர் ரெனே லாக்கோஸ்ட், 1933-இல் ஆந்த்ரே ஜில்லியே என்பவரோடு சேர்ந்து ஒரு நிறுவனம் தொடங்கி, நெஞ்சில் முதலைச் சின்னம் தைத்த சட்டைகளை விற்றார். சின்னத்தை எல்லார் கண்ணிலும் படும்படி வெளியே வைத்த முன்னோடி நிறுவனங்களுள் அதுவும் ஒன்று. உள்ளே இருக்கும் பெயர் வாங்குபவருக்குத் தகவல் சொல்கிறது. வெளியே வந்த சின்னம் பார்ப்பவருக்குச் சொல்கிறது. துணி அதேதான், ஆனால் அது நிறைவேற்றும் தேவை இரண்டாம் படியிலிருந்து நான்காம் படிக்கு மாறிவிட்டது.

மதிப்பிலும் இரண்டு வகை உண்டு என்று மாஸ்லோ பிரித்துச் சொல்கிறார். ஒன்று, ‘என்னால் முடியும்’ என்று நம் திறமையினால் நாமே நம்மேல் கொள்ளும் மதிப்பு. மற்றொன்று, பிறர் தரும் புகழும் கவனிப்பும். நிலையான தன்மதிப்பு உண்மையான திறமையின்மீதும், தகுதியால் பெற்ற மரியாதையின்மீதும் நிற்பது என்பது அவர் கருத்து. சட்டையிலுள்ள சின்னம் இரண்டாவது வகையைத்தான் தர முடியும். அதையும் கடனாகத்தான் தரும். என் தம்பி அதை அனுபவித்தே அறிந்தான். புதுச் சட்டை போட்ட முதல் வாரம் கேலி நின்றது. அடுத்த வாரம், “இதே ஒரு சட்டைதானா?” என்றார்கள். அதன்பின் காலணியைப் பார்த்தார்கள். நிறைவேறிய தேவை அடங்கிவிடும் என்பது கோட்பாடு. இங்கோ அது அடங்கவில்லை. கடனாக வந்த மதிப்புக்குத் தவணை முடிவதேயில்லை போலும்.

ஐந்தாம் படியைக் காட்டியும் விளம்பரங்கள் ஆடை விற்கின்றன. ‘உன் தனித்தன்மையை வெளிப்படுத்து’ என்பார்கள். இலட்சம் பேருக்கு ஒரே அச்சில் தைத்த சட்டை ஒருவனுடைய தனித்தன்மையை எப்படி வெளிப்படுத்தும் என்று எனக்கு விளங்கவில்லை. ஆகவே அந்தப் படியில் என் கட்டுரையில் எதையும் வைக்காமல் விட்டுவிட்டேன்.

கோட்பாட்டின் குறையையும் மறைக்காமல் எழுதினேன். 1976-இல் வாபா, பிரிட்வெல் என்ற இரு ஆய்வாளர்கள், அதுவரை நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, தேவைகள் இந்த வரிசையில்தான் எழுகின்றன என்பதற்குச் சான்று மிகக் குறைவு என்று காட்டினர். எனக்குத் தென்பட்ட குறை இன்னொன்று: நடந்தபின் எதையும் இந்தக் கோட்பாட்டால் விளக்கிவிடலாம், நடக்குமுன் சொல்ல முடியாது. அதே வகுப்பில், அதே விலைச் சட்டையோடு, கேலியைப் பொருட்படுத்தாமல் இருந்த மாணவர்களும் உண்டே! ஆகவே இதை ஓர் அளவுகோலாக நான் கொள்ளவில்லை. கேள்வி கேட்கப் பயன்படும் விளக்காகக் கொண்டேன்.

அந்தக் கேள்விகள் மூன்று. கடையில் ஒரு பிராண்டு ஆடையைக் கையில் எடுக்கும்போது அவற்றைக் கேட்டுப் பாருங்கள். சின்னம் யாருக்கும் தெரியாதபடி உள்ளே மறைந்திருந்தால் இதே விலை கொடுப்பேனா? ‘ஆம்’ என்றால் துணியின் உறுதிக்காக வாங்குகிறேன். ‘இல்லை’ என்றால், அடுத்த கேள்வி: இதை அணிந்து முதலில் யார் முன்னே போய் நிற்க நினைக்கிறேன்? ஒரு முகம் மனத்தில் வரும். மூன்றாவது: அந்த முகம் என்னைப் பாராட்ட வேண்டும் என்று வாங்குகிறேனா, கேலி செய்யாதிருக்க வேண்டும் என்று வாங்குகிறேனா? பாராட்டுக்கென்றால் நான்காம் படி. கேலிக்கு அஞ்சியென்றால் மூன்றாம் படி. இவற்றுக்கு விடை சொன்னபின் வாங்குவதும் விடுவதும் அவரவர் விருப்பம்.

இரண்டாம் முறை எழுதிய கட்டுரைக்குக் கூம்பு வரையவில்லை. மதிப்பெண் முன்னதைவிடப் பெரிதாக ஒன்றும் வந்திருக்காது. ஆனால் அதைத் தம்பியும் படித்தான். படித்துவிட்டு, “அக்கா, எங்க கிளாஸ்ல யாருமே சட்டையைத் திருப்பிப் பார்க்கத் தெரியாதவங்க. கழுத்தை மட்டுந்தான் பார்ப்பாங்க” என்று சிரித்தான். இப்போது காதர்பேட்டைக்கு அம்மாவோடு அவனும் போகிறான். தோளைப் பிடித்துத் தூக்கிப் பார்த்துத் தானே பொறுக்குகிறான். அந்த 1,499 ரூபாய்ச் சட்டையையும் அவன் தூக்கி எறியவில்லை. அது நல்ல சட்டை, அதன்மேல் குற்றமில்லை. மதியச் சாப்பாட்டை மட்டும் அம்மா விடியற்காலையிலேயே எழுந்து டப்பாவில் கட்டிக் கொடுத்துவிடுகிறார்.

தங்கையரே, நம் பள்ளிச் சீருடையை ‘எப்போதடா கழற்றுவோம்’ என்று நானும் ஏங்கியதுண்டு. சேர்ந்திருத்தல் என்னும் மூன்றாம் படியில், ஒரு காசு செலவில்லாமல், நம் எல்லாரையும் அது ஒன்றாக நிறுத்தி வைத்திருந்தது என்று இப்போது உணர்கிறேன். ஆண்டுக்கு ஓரிரு நாள் கலர் டிரஸ் அணிந்துவர அனுமதி கிடைக்கும்போது மகிழ்ச்சியோடு வாருங்கள். ஆனால் அந்த நாளில் மட்டும் காய்ச்சல் என்று சொல்லி விடுப்பு எடுக்கும் தோழி உங்கள் வகுப்பிலும் ஒருத்தி இருப்பாள். என் வகுப்பிலும் இருந்தாள். அவளுக்கு என்ன காய்ச்சல் என்று அன்று நான் கேட்கவில்லை. இன்று எனக்குத் தெரிகிறது. உடைக்காகக் கவலைப்படாதீர்கள் என்று ஆண்டவர் மலைமேல் அமர்ந்து போதித்தது, அந்தக் கவலையை நன்றாக அறிந்த எளிய மக்களிடந்தானே!

அடுத்த முறை அவள் வரும்போது, எந்தக் கடை, எந்தப் பெயர் என்று கேட்காமல், அவளுக்குப் பக்கத்தில் போய் அமருங்கள். என் தம்பி முப்பது நாள் பசியிருந்து வாங்க நினைத்தது அந்த ஓர் இடத்தைத்தான்.